தசம எண்ணில் பைனரி சர்ச்: லூப் நிற்காவிட்டால், விடை பிசகினால் எங்கே பார்ப்பது

விடை முழு எண்ணாக இல்லாமல் தசமமாக வரும் இடத்தில் பைனரி சர்ச் எழுதினால், நிறையப் பேர் கை பழகியபடி இப்படித்தான் எழுதுகிறார்கள்.

```cpp
while (hi - lo > 1e-9) {
    double mid = (lo + hi) / 2;
    if (check(mid)) lo = mid;
    else hi = mid;
}
```

இதே நான்கு வரிகள், இதே சிக்கல்கள், வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் பார்க்கக்கூடிய காரணம் முதலில், நேரம் பிடிக்கும் காரணம் கடைசியில்.

நான் பரிந்துரைக்கும் மாற்று ஒன்றுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

```cpp
for (int i = 0; i < 100; i++) {
    double mid = (lo + hi) / 2;
    if (check(mid)) lo = mid;
    else hi = mid;
}
```

`1e-9` என்ற எப்சிலானோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இத்தனை சுற்று என்று எண்ணி ஓட்டுவது, அவ்வளவுதான்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே கணக்கைப் பிடித்துக்கொள்கிறேன். சில கயிறுகள் இருக்கின்றன, அவற்றை வெட்டி ஒரே நீளத்தில் குறைந்தது `k` துண்டுகள் எடுக்க வேண்டும், ஒரு துண்டின் நீளம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது கேள்வி. `check(x)` ஒவ்வொரு கயிற்றிலும் `floor(L / x)` துண்டு கிடைக்கும் என்று கூட்டி, மொத்தம் `k` அல்லது அதற்கு மேல் வந்தால் உண்மை என்கிறது. சின்ன `x` எல்லாவற்றுக்கும் உண்மை, ஒரு எல்லையைத் தாண்டியதும் எல்லாம் பொய். அந்த எல்லைதான் நமக்கு வேண்டும்.

## அறிகுறி 1: சின்ன உள்ளீட்டில் ஓடுகிறது, பெரிய உள்ளீட்டில் புரோகிராம் நிற்கவே மாட்டேன் என்கிறது

அதிகம் வருவது இதுதான். நேர வரம்பு தாண்டிவிட்டது என்று செய்தி வந்ததும் எல்லாரும் `check` மெதுவாக இருக்கிறது என்று நினைத்து அதைச் சுருக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் லூப் உண்மையிலேயே மெதுவா, இல்லை முடிவே இல்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

முதல் சோதனை. லூப்புக்குள் ஒரு எண்ணி வையுங்கள், அது 200 ஆனதும் `lo`, `hi` இரண்டையும் 17 இலக்கத்தில் அச்சிட்டு வெளியே வந்துவிடுங்கள். சுற்று 200 வரை போயிருந்தால் அது மெதுவாக ஓடும் புரோகிராம் இல்லை, சிக்கிக்கொண்ட புரோகிராம். 200 முறை பாதியாக்கினால் எந்தச் சாதாரண இடைவெளியும் `1e-9`க்குக் கீழே எப்போதோ போயிருக்க வேண்டும்.

அச்சிட்டதில் `lo`, `hi` கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடுகின்றனவா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. டபுள் எண்கள் ஓர் அளவுகோலில் இருக்கும் கோடுகள் மாதிரி, இரண்டு கோட்டுக்கு நடுவில் எதையும் குறிக்க முடியாது, எண் பெரிதாகப் பெரிதாகக் கோடுகளுக்கு இடையிலான தூரமும் பெரிதாகிக்கொண்டே போகும். `lo`வும் `hi`யும் பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் வந்து நின்றபின் நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. கூட்டி இரண்டால் வகுத்தால் மறுபடி `lo` வரும், இல்லை `hi` வரும். இரண்டில் எதுவும் நகராது. அந்தக் கோட்டு இடைவெளியே உங்கள் எப்சிலானைவிடப் பெரிதாக இருந்தால் `while` நிபந்தனை என்றைக்கும் பொய்யாகாது.

எண்களோடு பார்க்கலாம். கயிறுகள் 40, 25, 17, வேண்டியது 7 துண்டுகள். நீளம் 10 என்றால் 4 + 2 + 1 = 7, சரியாக இருக்கிறது. 10ஐக் கொஞ்சம் தாண்டினாலும் முதல் கயிற்றில் 3 தான் கிடைக்கும், மொத்தம் 6. ஆக விடை 10. மேலே உள்ள `while` லூப் இதை ஒழுங்காக முடித்துவிடும், ஏனென்றால் 10க்குப் பக்கத்தில் டபுள் இடைவெளி சுமார் `1.8e-15`, எப்சிலான் அதைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரிது.

இப்போது எல்லா நீளத்தையும் 10 லட்சத்தால் பெருக்குங்கள்: 40000000, 25000000, 17000000, அதே 7 துண்டுகள். விடை 10000000, அதாவது 1 கோடி. `lo = 0`, `hi = 40000000` என்று தொடங்கினால் முதல் நடுப்புள்ளி 2 கோடி, பொய். அடுத்தது 1 கோடி, உண்மை. இரண்டாவது சுற்றிலேயே `lo` சரியான விடையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு `hi` மட்டும் மேலிருந்து இறங்கி வருகிறது, 1.5 கோடி, 1.25 கோடி என்று. சுமார் 55 சுற்றுக்குள் `hi` என்பது `lo`வுக்கு அடுத்த டபுளாகிவிடுகிறது. அந்த இடத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் 2இன் அடுக்கு -29, அதாவது சுமார் `1.86e-9`. உங்கள் நிபந்தனை `1e-9`. இனி `mid` கணக்கிட்டால் அது 1 கோடியாகவே ரவுண்ட் ஆகிவிடும், `check` உண்மை என்னும், `lo = mid` என்று அதே மதிப்பை அதே இடத்தில் எழுதும். இதற்கு முடிவே இல்லை.

எந்த அளவில் இது தொடங்கும் என்பதைத் துல்லியமாகவே சொல்லலாம். எப்சிலான் `1e-9` என்றால் விடை 8388608ஐ (2இன் அடுக்கு 23) எட்டாத வரை பிரச்சினை இல்லை, எட்டினால் கட்டாயம் மாட்டும். அதற்குக் கீழே இடைவெளி சுமார் `9.3e-10`, எப்சிலானைவிடச் சிறிது. அதற்கு மேலே `1.86e-9`. ஏறக்குறைய 84 லட்சம் என்பது அப்படியொன்றும் பெரிய எண் இல்லை, பல கணக்குகளில் உள்ளீடே 100 கோடி வரை போகிறது. டபுளுக்குப் பதில் `float` போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: எப்சிலான் `1e-6` என்று வைத்தாலே விடை 16ஐத் தாண்டியதும் சிக்கிக்கொள்ளும். `float` எங்கே பார்த்தாலும் முதலில் அதை `double` ஆக்குங்கள்.

சரிசெய்வது. `while`ஐ எடுத்துவிட்டு 100 சுற்று `for` போடுங்கள். அதே 1 கோடி கணக்கில் முதல் 55 சுற்று வேலை செய்யும், மீதி 45 சுற்றில் எதுவும் மாறாது. அந்த 45 சுற்றால் விடைக்கு ஒரு தீங்கும் இல்லை, நகர இடமில்லாத இடத்தில் நகராமல் இருக்கிறது, பிறகு லூப் முடிகிறது. இந்த முறையை நான் விடாமல் சொல்வதற்குக் காரணமே இதுதான்: உள்ளீடு எவ்வளவு பெரிதானாலும், கம்பைலர் எதுவானாலும் லூப் முடியும் என்பதைப் புரோகிராமைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

எப்சிலானைப் பெரிதாக்கினால் போதாதா? `1e-6` போட்டால் இந்த உள்ளீட்டுக்கு நிற்கும், சரி. ஆனால் விடை இன்னும் பெரிதாகும்போது மறுபடி அதே கதை, விடை சிறிதாக இருக்கும்போது துல்லியம் பறிபோகும். `hi - lo > 1e-9 * max(1.0, fabs(lo))` என்று விடையின் அளவுக்கு ஏற்ப ஒப்பிடுவது சரியான வழிதான், அது நிற்கும். ஆனால் அங்கேயும் ஒருவர் "இன்னும் துல்லியமாக இருக்கட்டும்" என்று `1e-16` போட்டுவிட்டால் மறுபடி முடிவில்லாத லூப், ஏனென்றால் டபுளின் சார்புத் துல்லியமே சுமார் `2.2e-16` தான். வேறு யாரும் தொடாத புரோகிராம் என்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம், பலர் கைபடும் புரோகிராமில் எண்ணி ஓட்டுவதே பாதுகாப்பு.

## அறிகுறி 2: என் கணினியில் முடிகிறது, வேறு இடத்தில் தொங்குகிறது

எப்சிலான் இல்லாமல் `while (lo < mid && mid < hi)` மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? கொள்கையளவில் இது சரி, பக்கத்து டபுள் வந்ததும் நின்றுவிடும். ஆனால் 32 பிட் பில்டில் பழைய x87 வழியாகக் கணக்குப் போனால், `mid` நினைவகத்துக்கு வராமல் 80 பிட் பதிவேட்டிலேயே இருக்கலாம். அங்கே இரண்டு டபுளுக்கு நடுவில் ஒரு மதிப்பு இருப்பதாகவே தெரியும், ஒப்பீடு உண்மையாகும், ஆனால் நினைவகத்தில் எழுதும்போது அது பழையபடி `lo` ஆகிவிடும். ஒரே புரோகிராம் ஆப்டிமைசேஷன் போட்டால் ஒரு மாதிரி, போடாவிட்டால் வேறு மாதிரி நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோதனை. இரண்டு பில்டிலும் முன்பு சொன்ன எண்ணியை வைத்துச் சுற்றுகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் 55, மற்றொன்றில் 200ஐத் தாண்டுகிறது என்றால் இதுதான். 64 பிட் பில்டுக்கு மாறலாம், அல்லது 100 சுற்றுக்கு மாறலாம். இரண்டாவதற்கு வேறு எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை.

## அறிகுறி 3: லூப் முடிகிறது, ஆனால் கடைசி இலக்கங்கள் தப்பு

இதில் நான்கு காரணங்கள். முதல் இரண்டுக்குச் சில நிமிடங்கள் போதும்.

அச்சிடுவதில் தப்பா? C++இல் `cout` தானாக 6 இலக்கம்தான் காட்டும். 12345678.9 என்ற விடை `1.23457e+07` என்று வெளியே வந்தால் சர்ச்சில் குற்றமே இல்லை. `cout << fixed << setprecision(9)` போட்டுப் பாருங்கள். அல்காரிதத்தை முழுவதும் பிரித்துப் போட்டபின் கடைசியில் இது தெரிய வந்தால் வருத்தமாக இருக்கும், அதனால் இதை முதலில்.

தேடுவது ஒன்று, விடையாகத் தருவது வேறொன்றா? `x`ஐத் தேடிவிட்டு `x * 1000000` என்றோ `x`இலிருந்து கணக்கிட்ட மொத்தச் செலவு என்றோ விடை தருகிறீர்கள் என்றால், `x`இல் இருக்கும் `1e-9` பிழை விடையில் `1e-3` ஆகிவிடும். எப்சிலான் `x`க்கு வைத்தது, விடைக்கு இல்லை. 100 சுற்றுக்கு மாறினால் `x` டபுள் அனுமதிக்கும் எல்லை வரை போய்விடும், இது பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடுகிறது.

விடையை வெட்டுகிறீர்களா? அதாவது ரவுண்ட் செய்து எழுதாமல் இரண்டு தசமத்துக்குப் பின் உள்ளதைக் கத்தரித்துவிடச் சொல்லியிருக்கிறார்களா? அதே 40, 25, 17 கணக்கை `hi = 41` என்று தொடங்குங்கள். இப்போது நடுப்புள்ளி எதுவும் சரியாக 10இல் விழாது, 20.5, 10.25, 5.125 என்று போகும். `1e-9`இல் நிறுத்தும் லூப் 36 சுற்றில் முடியும், `lo` 10க்குத் துளி கீழே நிற்கும். ரவுண்ட் செய்து அச்சிட்டால் 10.00, வெட்டினால் 9.99. மதிப்பெண் போய்விட்டது. 100 சுற்று ஓட்டினால் `lo` மேலே ஏறி ஏறி `check` உண்மையாகும் கடைசி டபுளில் போய் நிற்கும், இந்தக் கணக்கில் அது சரியாக 10. வெட்டினாலும் 10.00 தான். எந்தப் பக்கத்தை அச்சிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்: இங்கே உண்மையின் பக்கம் `lo`, அதனால் `lo`வைத்தான் தர வேண்டும், `mid`ஐயோ `hi`யையோ தரக்கூடாது.

வெட்டியும் தப்பு, 100 சுற்றும் போட்டாயிற்று, இன்னும் தப்பு. அப்போது பிழை லூப்பில் இல்லை, `check`க்குள் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே கயிறு, நீளம் 0.3, வேண்டியது 3 துண்டுகள். விடை 0.1 என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் டபுளில் `0.3 / 0.1` என்பது `2.9999999999999996`, `floor` போட்டால் 2. ஆக `check(0.1)` பொய் என்று சொல்லிவிடுகிறது. லூப் தன் வேலையை ஒழுங்காகச் செய்து `0.09999999999999999`இல் போய் நிற்கும், இரண்டு தசமத்தில் வெட்டினால் 0.09. இதற்கு 1000 சுற்று போட்டாலும் மாறாது.

இங்கே பலர் விடையோடு `1e-9`ஐக் கூட்டி அச்சிட்டுச் சமாளிக்கிறார்கள். பல நேரம் தப்பித்துவிடும், ஆனால் உண்மையான விடை 0.0999999999 என்று இருந்தால் அதுவும் 0.10 ஆகிவிடும். உள்ளீடு இரண்டு தசமம் வரைதான், விடையும் இரண்டு தசமத்தில் வெட்டப்படும் என்றால், எல்லாவற்றையும் 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்கி (படிக்கும்போதே சரத்தை வைத்து, அல்லது `llround` போட்டு), முழு எண் பைனரி சர்ச்சாக மாற்றிவிடுங்கள். 0.3 என்பது 30, `30 / 10` என்பது 3, சந்தேகமே இல்லை. தசமத்தில் தேட அவசியமே இல்லாத கணக்கைத் தசமத்தில் தேடுவதுதான் இங்கே உண்மையான கோளாறு.

## அறிகுறி 4: விடை ரொம்பச் சின்னதாக இருக்கும்போது மட்டும் தப்பு

100 என்பது எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் எண் என்று நினைத்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் சுற்றுகளைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் இடைவெளியைப் பாதியாக்குகிறது. 10 சுற்று என்றால் 1024 மடங்கு சுருங்கும், அதாவது ஏறக்குறைய 3 இலக்கம். மனதில் வைக்க இது போதும்: 10 சுற்றுக்கு 3 இலக்கம். இடைவெளி 100 கோடி (`1e9`), வேண்டிய துல்லியம் `1e-9` என்றால் 18 இலக்கம், 60 சுற்று. 100 சுற்று என்றால் 30 இலக்கம், அது தாராளம்.

இப்போது `hi = 1e18` என்று "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்திருக்கிறீர்கள், விடை `1e-9` பக்கத்தில், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை கூடாது என்றால், கடைசி இடைவெளி `1e-15` ஆக வேண்டும். `1e18`இலிருந்து `1e-15` வரை 33 இலக்கம், 110 சுற்று. 100இல் நிறுத்தினால் இடைவெளி சுமார் `8e-13`, விடையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிழை வரலாம். பெரிய விடைகளில் இது கண்ணுக்கே தெரியாது, சின்ன விடைகளில் மட்டும் தெரியும்.

சரிசெய்வது, மலிவிலிருந்து. ஒன்று, `hi`யைக் குறையுங்கள். கயிற்றுக் கணக்கில் மிக நீளமான கயிற்றைவிடப் பெரிய துண்டு கிடைக்கவே கிடைக்காது, அப்புறம் எதற்கு `1e18`? இரண்டு, சுற்றை 200 ஆக்குங்கள், `check` லேசானதாக இருந்தால் அதற்கு ஒரு செலவும் இல்லை. மூன்று, விடை எந்த அளவில் இருக்கும் என்றே தெரியாது, `1e-18`உம் இருக்கலாம், `1e18`உம் இருக்கலாம் என்றால், நடுவைக் கூட்டி வகுக்காமல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்.

```cpp
double mid = sqrt(lo) * sqrt(hi);   // lo > 0
```

இது எண்ணின் அளவையே பாதியாக்குகிறது. அந்த `1e-18`இலிருந்து `1e18` வரையுள்ள இடைவெளியில் 9 இலக்கச் சார்புத் துல்லியம் வர 37 சுற்றே போதும். `lo` பூஜ்யமாக இருந்தால் `mid` எப்போதும் பூஜ்யம்தான் வரும், தேடல் அங்கேயே முடங்கிவிடும், அதனால் `lo`வுக்கு ஒரு சின்ன நேர்ம எண் கட்டாயம்.

## அறிகுறி 5: 100 சுற்றுக்கு மாறியதும் நேரம் போதவில்லை

`check`க்குள் என்ன இருக்கிறது? உள்ளே ஒரு `sort` இருக்கிறதா, ஒரு வெக்டாரைப் புதிதாக உருவாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். 10 லட்சம் உறுப்பு கொண்ட பட்டியலை 100 முறை சுற்றினால் 10 கோடி எளிய செயல்கள், அது பெரும்பாலும் தாங்கும். அதையே 100 முறை வரிசைப்படுத்தினால் தாங்காது. `x`ஐச் சார்ந்து வரிசை மாறாது என்றால் `sort`ஐ லூப்புக்கு வெளியே எடுங்கள்.

அதற்கும் மேல் என்றால் சுற்றைக் கணக்கிட்டுக் குறையுங்கள். இடைவெளி 10 லட்சம், துல்லியம் `1e-6` என்றால் 12 இலக்கம், 40 சுற்று, கூட ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். 100க்குப் பதில் 45, நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நேரம் போதவில்லை என்பதற்காக மறுபடி எப்சிலானுக்குத் திரும்பாதீர்கள், இதே கணக்கைத்தான் அதுவும் செய்கிறது, நிற்கும் உத்தரவாதம் மட்டும் இல்லாமல்.

ஒரு சர்ச்சுக்குள் இன்னொரு சர்ச்சா? 100 × 100 என்பது 10000 முறை `check`. இங்கே சுற்றை யோசித்துக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பதைக் கண்டபடி குறைக்காதீர்கள். உள் தேடலின் பிழை வெளித் தேடலின் `check`ஐ நேராகப் பாதிக்கும், அதனால் உள்ளே 60, வெளியே 40 என்று உள்ளே கூடுதலாக வைப்பது நல்லது.

## அறிகுறி 6: விடை எப்போதும் தொடக்க `lo` அல்லது தொடக்க `hi`

சுற்று எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் `for`க்கு மாறிய பிறகு பலர் இதைக் கேட்கிறார்கள். லூப்புக்கு முன்னால் `check(lo)`, `check(hi)` இரண்டையும் அச்சிடுங்கள். ஒன்று உண்மை, மற்றொன்று பொய் என்று வர வேண்டும். இரண்டும் உண்மை என்றால் `hi` போதாது. வர்க்கமூலம் தேடும்போது `hi = n` என்று வைப்பது இதற்குச் சரியான உதாரணம்: `n` 0.25 என்றால் விடை 0.5, அது `hi`க்கு வெளியே இருக்கிறது. `hi = max(1.0, n)` என்று வைக்க வேண்டும். இரண்டும் எதிர்த் திசையில் வந்தால் `if`க்குள் உள்ள `lo = mid`, `hi = mid` இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

எல்லைகள் சரி, திசையும் சரி, இன்னும் ஒரு முனையிலேயே ஒட்டிக்கொள்கிறது என்றால் `check`க்குள் `NaN` வருகிறதா பாருங்கள். குறை எண்ணுக்கு `sqrt`, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பது, இவற்றில் வரும். `NaN`ஐ எதோடு பெரிது சிறிது பார்த்தாலும் பொய்தான், அதனால் லூப் எப்போதும் `else` பக்கமே போகும்.

## இதற்கு மேல் தனியாகப் போராட வேண்டாம் என்னும் இடம்

எல்லாம் பார்த்தாயிற்று, லூப் முடிகிறது, எல்லைகள் சரி, சுற்றும் போதும், ஆனால் உள்ளீட்டின் வரிசையை மாற்றினால் விடையின் 6ஆவது, 7ஆவது இலக்கம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு சோதனை செய்யுங்கள். கிடைத்த விடைக்கு இருபுறமும், `nextafter` வழியாகவோ ஒரு சின்ன அடி வைத்தோ, சில நூறு புள்ளிகளில் `check`ஐ அழைத்து உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று வரிசையாக அச்சிடுங்கள்.

`111110000` என்று ஒரே ஒரு இடத்தில் மாறினால் சர்ச்சில் குறையில்லை, வேறு எங்கோ பாருங்கள். `1110100101000` என்று நடுவில் கலந்து வந்தால், `check`க்குள் சேரும் ரவுண்டிங் பிழைகள் எல்லைக்குப் பக்கத்தில் அதை நம்ப முடியாததாக்குகின்றன. லட்சக்கணக்கான எண்களில் ஒவ்வொன்றிலிருந்தும் `mid`ஐக் கழித்துக் கூட்டிப் பூஜ்யத்தோடு ஒப்பிடும் கணக்குகளில் இது சகஜம். கலந்து கிடக்கும் அந்தப் பட்டையின் அகலம்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய துல்லியம். அது தேவையைவிடச் சிறிது என்றால் அப்படியே விட்டுவிடலாம். பெரிது என்றால் சுற்றைக் கூட்டுவதும் எப்சிலானை மாற்றுவதும் வீண். ஒருமுறை `long double` போட்டுப் பாருங்கள், x86 லினக்ஸில் அது 64 பிட் துல்லியம் தரும், பட்டை சுருங்கலாம். எல்லாக் கம்பைலரிலும் அப்படி இல்லை, மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் `long double`உம் `double`உம் ஒரே துல்லியம்தான்.

அதிலும் அடங்கவில்லை என்றால் எண்முறைக் கணிப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள், குறிப்பாக அந்த விடையை நம்பிப் பணமோ ஒரு கட்டுமான அளவோ தீர்மானமாகிறது என்றால். அவர் பின்னமாகவே துல்லியக் கணக்குப் போடச் சொல்லலாம், கூட்டும் முறையை மாற்றலாம், பைனரி சர்ச்சையே விட்டு வேறு முறைக்கு மாற்றலாம். போகும்போது நான்கு விஷயங்களை எடுத்துப்போங்கள்: பிழை தெரியும் மிகச் சிறிய உள்ளீடு, தொடக்க `lo`வும் `hi`யும், விடையில் எவ்வளவு பிழை தாங்கும் என்பது, பிறகு அந்த 1, 0 வரிசை. அவர் முதலில் கேட்கப்போவது அந்த வரிசையைத்தான்.